காலை மிதித்தால் ஒரு சொல், வழி கேட்டால் ஒரு சொல்

கூட்டமான ரயில். இறங்க வேண்டிய நிலையம் வந்துவிட்டது. முன்னால் நிற்பவரிடம் வழி கேட்கிறோம். நகரும்போது பக்கத்தில் இருப்பவரின் காலை மிதித்துவிடுகிறோம். அவர் ஏதோ சொல்கிறார், நம் காதில் சரியாக விழவில்லை. தமிழில் இதற்கு மூன்று பேச்சு உண்டு: 'கொஞ்சம் வழி விடுங்க', 'மன்னிச்சுக்கோங்க', 'என்ன சொன்னீங்க?' இதே ரயில் பெய்ஜிங்கிலோ டோக்கியோவிலோ ஓடினால் என்ன சொல்வது?

சீனம் கற்பவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது 'துய்புச்சி'. 'துய்' என்றால் எதிர்கொள்வது, 'புச்சி' என்றால் முடியாமல் போவது. 'இனி உங்க முகத்துல எப்படி முழிப்பேன்' என்று நாம் சொல்கிறோமே, ஏறக்குறைய அதே எண்ணம்தான். ஆகவே இது தவறு செய்தவரின் சொல். காலை மிதித்ததற்கும், சொன்ன நேரத்துக்கு வராததற்கும் இது பொருந்தும். 'மெய் குவான்ஷி', அதாவது 'பரவாயில்லை' என்று பதில் வரும். வழி கேட்கவும் இதையே சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள். ஆனால் அந்தச் சின்ன வேலைக்கு இது கனமான சொல்.

கனம் குறைந்தது 'புஹாவ்யீஸ'. 'எனக்குச் சங்கடமாக இருக்கிறது' என்பதுதான் அதன் உட்பொருள். ஒருவரை நிறுத்திப் பேசும்போதும், இரண்டு நிமிடம் தாமதமாக வந்து உட்காரும்போதும், யாராவது நமக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் இது வரும். தைவானில் நாள் முழுக்கக் காதில் விழும். சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இதற்கு இணையான ஹொக்கியென் சொல்லான 'பைசே' நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் பக்கத்து மேசைக்காரர் மேல் சூடான சூப்பைக் கொட்டிவிட்டு 'புஹாவ்யீஸ' என்று மட்டும் சொன்னால், அவர் பட்ட சூட்டை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் தோன்றும். அங்கே 'துய்புச்சி'தான் சரி.

வழி விடச் சொல்ல தைவானில் 'ஜியே குவோ' என்பார்கள், 'கடந்துகொள்கிறேன்' என்பது போல. பெய்ஜிங்கில் 'லாவ் ஜியா' என்று கேட்கும், 'உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறேன்' என்று பொருள். முன்பின் தெரியாதவரிடம் விவரம் கேட்க 'ச்சிங் வென்', 'ஒன்று கேட்கலாமா' என்று ஆரம்பிக்க வேண்டும். இதில் 'வென்' என்பதைச் சட்டென்று மேலிருந்து கீழே இறக்கிச் சொல்லுங்கள். தாழ்த்தி இழுத்தால் அது 'முத்தமிடு' என்ற வேறு சொல்லாகிவிடும்.

ஜப்பானியத்தில் 'சுமிமாசென்' ஒன்றே பாதி நாளை ஓட்டிவிடும். 'சுமு' என்றால் தீர்வது, முடிவது. 'சுமிமாசென்' அதன் எதிர்மறை. உங்களுக்குப் பட்டது இன்னும் தீரவில்லை, மனம் ஆறவில்லை என்று அதை விளக்குவார்கள். இப்படிப் பார்த்தால் அதன் பல வேலைகளும் ஒரே நூலில் கோத்தவை என்பது புரியும். உணவகத்தில் பணியாளரைக் கூப்பிடலாம், கூட்டத்தில் வழி கேட்கலாம், கீழே விழுந்த கையுறையை யாரோ எடுத்துக் கொடுத்தால் நன்றியாகவும் சொல்லலாம்.

'கொமென் நசாய்' அப்படிப்பட்டதல்ல. 'மென்' என்பதற்கு விடுவிப்பது என்று பொருள். 'என் தப்பை மன்னித்துவிடு' என்று வீட்டாரிடமும் நெருங்கியவர்களிடமும் சொல்லும் சொல் இது. இதைச் சொல்லிப் பணியாளரைக் கூப்பிட்டால், இவர் என்ன தப்பு செய்தார் என்று அவர் திகைப்பார். வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்கும் கடைக்காரர் இரண்டையும் விட்டுவிட்டு 'மோஷிவாகே கொசாய்மாசென்' என்பார், 'சொல்வதற்குச் சமாதானமே இல்லை' என்று.

ஜப்பானியர்கள் முன்னும் பின்னும் பிரித்துப் பேசுவதைக் கவனித்தால் பாதிக் குழப்பம் தீரும். மேலதிகாரியின் அறைக்குள் நுழையும்போது 'ஷிட்சுரே ஷிமாஸ்', 'மரியாதைக் குறைவாக நடக்கப்போகிறேன்'. தெரியாமல் ஒருவரை இடித்துவிட்டால் 'ஷிட்சுரே ஷிமாஷ்தா', 'நடந்துவிட்டேன்'. 'சுமிமாசென்' என்பதும் நடந்து முடிந்த தவறுக்கு 'சுமிமாசென் தெஷ்தா' ஆகிவிடும்.

காதில் விழாததற்குத்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'சுமிமாசென்?' என்று குரலை உயர்த்திவிட்டு நின்றால், மன்னிப்புக் கேட்கிறோமா, திரும்பச் சொல்லச் சொல்கிறோமா என்று எதிராளிக்குத் தெரியாமல் போகலாம். 'மோ இச்சிதோ ஒனெகாய் ஷிமாஸ்', 'இன்னொரு தடவை, தயவுசெய்து' என்பதையும் சேர்த்துவிடுங்கள். சீனத்தில் 'புஹாவ்யீஸ' என்று தொடங்கி, 'வோ மெய் திங் ச்சிங்' என்றால் 'சரியாகக் கேட்கவில்லை'. அதே சொல்லைச் சத்தமாகத் திரும்பச் சொல்வார்கள். 'வோ மெய் திங் தோங்' என்றால் 'கேட்டது, புரியவில்லை'. நமக்காக எளிய சொல் தேடுவார்கள்.