ஹைட்ரஜனை விடும், வளையத்தை விடாது

சோதனைக்குழாயில் சிறிது சைக்ளோஹெக்சீனை எடுத்துக்கொண்டு ஆரஞ்சு நிறப் புரோமின் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினால், சொட்டு விழ விழ நிறம் காணாமல் போகும். கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேதியியல் கூடங்களில் காலங்காலமாகச் செய்துவரும் சோதனை இது. இரட்டைப் பிணைப்பு திறந்துகொள்கிறது, புரோமின் அணுக்கள் இரண்டும் இரு பக்கத்துக் கார்பன்களில் போய் ஒட்டிக்கொள்கின்றன. இருக்கும் மூலக்கூறோடு இன்னொன்று அப்படியே கூடிவிடுவதால் இதைச் சேர்க்கை வினை என்கிறோம்.

பென்சீனின் வாய்பாடு C₆H₆. ஆறு கார்பனுக்கு ஆறே ஹைட்ரஜன். பாடப்புத்தகப் படத்தில் அறுகோணத்துக்குள் மூன்று இரட்டைக் கோடுகள் தெரியும். கணக்குப்படி பார்த்தால் சைக்ளோஹெக்சீனைவிட மூன்று மடங்கு ஆவலோடு புரோமினை வாங்கிக்கொள்ள வேண்டும். நடப்பது வேறு. பென்சீனையும் புரோமின் நீரையும் சேர்த்துக் குலுக்கி வைத்தால், மேலே மிதக்கும் பென்சீன் அடுக்கு ஆரஞ்சாகிறது, கீழே உள்ள நீர் வெளிறுகிறது. புதிதாகப் படிப்பவர்கள் வெளிறிய நீரை மட்டும் பார்த்து “வினை நடந்துவிட்டது” என்று எழுதிவிடுவதுண்டு. உண்மையில் புரோமின் எங்கும் போகவில்லை. நீரைவிடப் பென்சீனில் அது நன்றாகக் கரைவதால் மேல் அடுக்குக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மேல் அடுக்கின் நிறம் அப்படியே நிற்பதே பென்சீன் அதைத் தொடவில்லை என்பதற்குச் சாட்சி.

இந்தத் திரவத்தை 1825-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே பிரித்தெடுத்தார். விளக்கு எரிக்கப் பயன்பட்ட வாயுவை அழுத்தி அடைக்கும்போது அடியில் தங்கும் எண்ணெயிலிருந்து அது கிடைத்தது. அதன் கட்டமைப்பு ஆறு கார்பன் வளையம் என்று ஆகஸ்ட் கெக்குலே 1865-இல் முன்வைத்தார். வளையத்தில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருவதாக அவர் வரைந்த படம்தான் இன்றும் நம் கையில் இருக்கிறது. ஆனால் ஒற்றைப் பிணைப்பு நீளமானது, சுமார் 1.54 ஆங்ஸ்ட்ராம். இரட்டைப் பிணைப்பு குட்டையானது, சுமார் 1.34. படம் சொல்வது சரியென்றால் வளையத்தின் பக்கங்கள் ஒன்று விட்டு ஒன்று நீண்டும் குறுகியும் இருக்க வேண்டும். 1929-இல் கேத்லீன் லான்ஸ்டேல், பென்சீன் வளையம் கொண்ட ஒரு படிகத்தை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, வளையம் தட்டையானது, ஒழுங்கான அறுகோணம் என்று காட்டினார். பென்சீனின் ஆறு பக்கங்களும் ஒரே நீளம்தான், சுமார் 1.39 ஆங்ஸ்ட்ராம்.

அப்படியானால் இரட்டைப் பிணைப்புக்கென்று படத்தில் நாம் ஒதுக்கும் ஆறு எலக்ட்ரான்கள் எந்த இரண்டு கார்பனுக்கும் தனிச்சொத்து அல்ல. வளையத் தளத்துக்கு மேலும் கீழும் ஆறு கார்பன்களின் மீதும் பரவிக் கிடக்கின்றன. அப்படிப் பரவிக் கிடப்பதால் மூலக்கூறின் ஆற்றல் இறங்குகிறது. எவ்வளவு இறங்குகிறது என்பதைக்கூட அளந்து சொல்ல முடியும். சைக்ளோஹெக்சீனின் ஒரே இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனைச் சேர்த்தால், ஒரு மோலுக்குச் சுமார் 120 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். பென்சீனில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் உண்மையாகவே இருந்தால் 360 வர வேண்டும். வருவதோ சுமார் 208 தான். குறைகிற 150 கிலோஜூல் சொச்சம், பென்சீன் முன்னமே இழந்துவிட்ட ஆற்றல். அவ்வளவு ஆழத்தில் அது நிலைகொண்டிருக்கிறது. அரோமேட்டிக் தன்மை என்று வேதியியலார் சொல்வதன் மதிப்பு இந்த எண்தான்.

இனி, பென்சீனில் ஒரு புரோமின் மூலக்கூறு சேர்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கார்பன்கள் பரவலிலிருந்து விலகிவிடும், வளையத்தின் சலுகை முழுதும் போய்விடும். சைக்ளோஹெக்சீன் போன்ற சாதாரண இரட்டைப் பிணைப்பில் புரோமின் சேரும்போது மோலுக்கு 120 கிலோஜூல் அளவில் வெப்பம் வெளிவருகிறது. பென்சீனில் அதே சேர்க்கை நடக்க வேண்டுமென்றால் வெப்பம் வெளிவருவதற்குப் பதில் சுமார் 8 கிலோஜூல் உள்ளே கொடுக்க வேண்டும். ஆனால் ஒரு ஹைட்ரஜன் வெளியேறி அந்த இடத்தில் புரோமின் அமர்ந்தால் வளையம் கலையாது; சுமார் 45 கிலோஜூல் வெளியிலும் வரும்.

C₆H₆ + Br₂ → C₆H₅Br + HBr

இதுதான் பதிலீட்டு வினை. முதலும் முடிவும் தெரிந்தால் கணக்கு சரியாகிவிடுகிறது. ஆனால் மூலக்கூறுக்குக் கணக்கு தெரியாது. அது ஒவ்வொரு படியாகத்தான் போக முடியும். எந்தப் படியில் சேர்க்கை கைவிடப்படுகிறது என்று பார்ப்பதே இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த பகுதி.

வெறும் புரோமின் பென்சீனை அசைக்காது என்று பார்த்தோம். அதில் கொஞ்சம் இரும்புத்தூளைப் போட்டால் நிலைமை மாறுகிறது. இரும்பு முதலில் புரோமினோடு சேர்ந்து இரும்பு(III) புரோமைடு ஆகிறது. அதன் இரும்பு அணு எலக்ட்ரானுக்கு ஏங்கும். ஒரு புரோமின் மூலக்கூறு பக்கத்தில் வந்ததும் அதன் ஒரு முனையைப் பற்றி எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மறுமுனைப் புரோமின் எலக்ட்ரான் குறைந்து நேர்மின் சாயல் கொள்கிறது. எலக்ட்ரான் கவர் பொருள் என்பது இதுதான். பென்சீனின் எலக்ட்ரான் மேகத்தைத் தேடிப்போய் உடைக்கிற அளவுக்குப் பசியுள்ள ஒரு பொருள் தயாராகிவிட்டது.

அடுத்த படிதான் கடினமான படி. வளையத்தின் ஆறு எலக்ட்ரான்களில் இரண்டு நீண்டு, அந்தப் புரோமினைப் பிடித்துப் பிணைப்பாகின்றன. தாக்கப்பட்ட கார்பன் இப்போது நான்கு ஒற்றைப் பிணைப்புகளோடு நிற்கிறது. பழைய ஹைட்ரஜனும் புதிய புரோமினும் ஒரே கார்பனில், ஒன்று வளையத் தளத்துக்கு மேலே, மற்றது கீழே. மீதி நான்கு எலக்ட்ரான்கள் ஐந்து கார்பன்களில் பரவியிருக்கின்றன, ஒரு நேர்மின் சுமையும் அந்த ஐந்தில் பங்கிடப்படுகிறது. இந்த இடைநிலைக்கு அரீனியம் அயனி என்று பெயர். பங்கிட்டுக்கொள்வதால் சற்றுத் தாங்கும், ஆனால் அரோமேட்டிக் தன்மை போயே போய்விட்டது. ஏறவேண்டிய மேடு முழுவதும் இந்தப் படியில்தான் இருக்கிறது. வினையின் வேகத்தைத் தீர்மானிப்பதும் இதுவே.

இதுவரை நடந்ததைப் பார்த்தால் சைக்ளோஹெக்சீனுக்கும் பென்சீனுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. இரண்டிலும் புரோமின் ஒட்டியது, இரண்டும் நேர்மின் அயனியாயின. பிரிவது இங்கே. சைக்ளோஹெக்சீனில் அந்த அயனி, பக்கத்தில் நிற்கும் புரோமைடு அயனியைப் பிடித்துக்கொள்கிறது, சேர்க்கை முடிந்தது. ஹைட்ரஜனை விட்டால் அதற்குக் கிடைப்பது மறுபடி ஒரு சாதாரண இரட்டைப் பிணைப்புதான், அதற்காக அது மெனக்கெடுவதில்லை. அரீனியம் அயனி புரோமைடைப் பிடித்தால் வளையத்தை மீட்கும் வாய்ப்பை இழக்கும். ஹைட்ரஜனை ஒரு புரோட்டானாக விட்டால், அதைக் கட்டியிருந்த இரண்டு எலக்ட்ரான்களும் வளையத்துக்குத் திரும்பி, ஆறும் கூடி, இழந்த 150 கிலோஜூல் சலுகை மொத்தமாகக் கைக்கு வருகிறது. இரும்பின் மேல் கூடுதலாக ஒட்டியிருந்த புரோமைடு அந்தப் புரோட்டானை வாங்கிக்கொண்டு ஹைட்ரஜன் புரோமைடாக வெளியேறுகிறது. இரும்பு புரோமைடு பழையபடி அடுத்த மூலக்கூறுக்குத் தயார். இந்தக் கடைசிப் படி மிக வேகமானது.

குடுவையின் வாயில் இது கண்ணுக்கே தெரியும். சேர்க்கை வினையில் எந்த வாயுவும் வராது. இதில் ஹைட்ரஜன் புரோமைடு புகைந்து வரும். ஈரமான நீல லிட்மஸ் தாளைக் காட்டினால் சிவக்கும், அமோனியாவில் தோய்த்த கண்ணாடிக் குச்சியைக் காட்டினால் அடர்ந்த வெண்புகை எழும். பதிலீடு நடக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. புரோமினை அளவுக்கு மேல் விட்டால் இரண்டாவது ஹைட்ரஜனும் மாற்றப்பட்டு டைபுரோமோபென்சீன் கலந்துவிடும். காய்ச்சி வடிக்கும்போது மாறாத பென்சீன் 80 டிகிரியில் முதலில் வரும், புரோமோபென்சீன் 156 டிகிரியில் வரும். டைபுரோமோ அடியில் தங்கி, ஆறியதும் இறுகும்.

மேடு புரோமின் ஒட்டும் படியில் இருக்கிறது, ஹைட்ரஜன் விலகும் படியில் இல்லை என்று எப்படித் தெரியும்? இதே பாதையில் போகும் இன்னொரு வினையில், நைட்ரோ ஏற்றத்தில், இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அடர் நைட்ரிக் அமிலத்தையும் அடர் கந்தக அமிலத்தையும் கலந்தால் நைட்ரோனியம் என்ற நேர்மின் அயனி உருவாகும்; அதுவே இங்கு எலக்ட்ரான் கவர் பொருள். சுவீடன் நாட்டு வேதியியலர் லார்ஸ் மெலாண்டர், வளையத்தின் ஹைட்ரஜனுக்குப் பதில் மூன்று மடங்கு எடையுள்ள டிரிட்டியத்தை வைத்துப் பார்த்து 1950-இல் முடிவை வெளியிட்டார். கனமான டிரிட்டியம் கார்பனிலிருந்து பிரிய அதிக ஆற்றல் கேட்கும். பிரியும் படி வேகத்தைத் தீர்மானிப்பதாக இருந்தால் வினை வெகுவாக மந்தமாகியிருக்க வேண்டும். டிரிட்டியமும் ஹைட்ரஜனும் ஒரே வேகத்தில் மாற்றப்பட்டன. ஹைட்ரஜன் விலகும் நேரத்தில் கடினமான வேலை முடிந்துபோயிருக்கிறது என்பது அதன் பொருள்.

நைட்ரோ ஏற்றத்தில் ஒரு வசதி உண்டு. நைட்ரோ தொகுதி வளையத்திலிருந்து எலக்ட்ரானை உறிஞ்சிக்கொள்வதால், இரண்டாவது நைட்ரோனியத்துக்கு அந்த வளையம் சுவையற்றதாகிவிடும். வேகம் கோடிக்கணக்கான மடங்கு குறையும். ஆகவே 50, 60 டிகிரிக்குள் வைத்திருந்தால் வினை நைட்ரோபென்சீனோடு நின்றுவிடுகிறது. சூட்டைக் கவனிக்காமல் விட்டால் டைநைட்ரோ வரும், வெப்பமும் கட்டுக்கு மீறும். முடிவில் கலவையைக் குளிர்ந்த நீரில் ஊற்றினால், அமிலத்தின் மேல் மிதந்துகொண்டிருந்த வெளிர்மஞ்சள் எண்ணெய் நீரின் அடியில் போய்ப் படியும். கசப்பு வாதுமை வாசம் அடிக்கும். ஒரு காலத்தில் அந்த வாசத்துக்காகச் சோப்பில்கூடச் சேர்த்தார்கள். தோல் வழியாகவே உடலுக்குள் போய், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்யும் நஞ்சு அது. பென்சீனே இரத்தப் புற்றுநோயோடு தொடர்புள்ளது என்பதால், கல்லூரிகள் பலவற்றில் இந்தப் பாடத்தை மெத்தில் பென்சோயேட்டை வைத்துச் செய்து காட்டுகிறார்கள்.

பென்சீன் சேர்க்கையை ஏற்கவே ஏற்காது என்று சொல்லிவிட முடியாது. நிக்கல் வினையூக்கி, அதிக அழுத்தம், சூடு ஆகியவற்றின் துணையோடு ஹைட்ரஜனைச் சேர்த்துச் சைக்ளோஹெக்சேன் ஆக்கலாம். நைலான் தொழிலுக்கு அது மூலப்பொருள். அங்கும் முதல் ஹைட்ரஜன் மூலக்கூறு சேர்வதற்கு ஆற்றல் கொடுத்தாக வேண்டும். அது சேர்ந்ததும் வளையத்தின் காவல் போய்விடுவதால் மீதி இரண்டும் விரைந்து சேர்ந்துவிடுகின்றன, பாதி வழியில் நிறுத்துவது கடினம்.

இன்னொன்று நம் விவசாயிகள் கையாண்டது. புற ஊதா ஒளியில் குளோரின் மூலக்கூறு நேர்மின் முனை எதுவும் கொள்ளாமல் இரண்டு தனி அணுக்களாகப் பிளக்கும். அந்த அணு பென்சீனில் ஒட்டும்போது உருவாவது அயனி அல்ல. புரோட்டானை விட்டு வளையத்தை மீட்கும் அந்தத் திருப்பம் இந்தப் பாதையில் வருவதில்லை. இடைநிலை இன்னொரு குளோரினைப் பிடிக்கிறது, காவல் இழந்த வளையத்தில் மற்றவையும் ஏறிக்கொள்கின்றன. ஆறு குளோரினும் ஆறு ஹைட்ரஜனுமாக முடிகிறது. ஃபாரடே பென்சீனைக் கண்டெடுத்த 1825-லேயே சூரிய ஒளியில் இதைச் செய்து பார்த்திருக்கிறார். பூச்சிகளைக் கொல்லும் அதன் ஆற்றல் வெகுகாலம் கழித்தே தெரியவந்தது. பென்சீன் ஹெக்சாகுளோரைடு என்ற அந்தப் பொருளைத்தான் நம் ஊர் வயல்களில் பி.எச்.சி. பவுடர் என்று தூவினார்கள். மண்ணிலும் கொழுப்பிலும் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதால் 1997-இல் இந்தியாவில் அதற்குத் தடை வந்தது.