இருபது கோடியில் இருநூறு

கருத்தரிப்பு பற்றிய படங்களில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். விந்தணுக்கள் முண்டியடித்து ஓடுகின்றன, முந்தியது முட்டைக்குள் புகுகிறது, மற்றவை தோற்கின்றன. பள்ளிப் பாடத்திலும் ஏறக்குறைய இப்படித்தான் படித்தோம். பெண்ணின் உடலுக்குள் நடப்பது வேறு. அங்கே முதலில் போய்ச் சேரும் விந்தணுவால் பெரும்பாலும் ஒன்றுமே ஆவதில்லை.

ஒரு கணக்கோடு தொடங்கலாம். ஒருவரின் விந்து 2.5 மில்லி, ஒரு மில்லிக்கு 8 கோடி அணுக்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 கோடி, சாதாரணமான எண்ணிக்கைதான். சனிக்கிழமை இரவு உறவு, திங்கள் காலை மனைவிக்கு முட்டை வெளியாகிறது. இந்த ஒன்றரை நாளில் அந்த 20 கோடிக்கு என்ன ஆகிறது?

முதல் இடம் யோனி. அங்கே அமிலம் அதிகம். நல்ல நுண்ணுயிர்கள் சுரக்கும் அந்த அமிலம் நோய்க்கிருமிகளை அண்டவிடாது, விந்தணுவையும் விடாது. விந்து நீர் லேசான காரத்தன்மை கொண்டது என்பதால் சில நொடிகளில் அமிலம் தணிகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு நீடிக்காது. இரண்டொரு மணி நேரத்தில் அங்கே தங்கிவிட்டவை அசைவை இழக்கின்றன. விந்து முதலில் கட்டியாக உறைந்து, அரை மணி நேரத்துக்குள் நீர்த்து, கணிசமான பகுதி வெளியே வழிந்துவிடும். “எல்லாம் வழிந்துவிடுகிறது, அதனால்தான் குழந்தை தங்கவில்லையோ?” என்று கவலைப்படும் தம்பதிகள் உண்டு. தேவையற்ற கவலை. போக வேண்டியவை முதல் சில நிமிடங்களிலேயே கருப்பை வாய்க்குள் நுழைந்திருக்கும்.

அந்தக் கருப்பை வாய்தான் மிகக் கடுமையான இடம். மாதத்தின் பெரும்பாலான நாட்களில் அங்கே கெட்டியான சளி அடைத்துக்கொண்டு நிற்கும். முட்டை வெளியாவதற்கு முந்தைய சில நாட்களில் மட்டும், ஈஸ்ட்ரோஜன் கூடுவதால், அந்தச் சளி முட்டையின் வெள்ளைக்கருவைப் போலத் தெளிந்து, இரு விரல்களுக்கு நடுவே நூலாக இழுபடும். பெண்கள் தாங்களாகவே கவனிக்கக்கூடிய அடையாளம் இது. அந்த நாட்களிலும்கூட வாலை நேராக அடித்து முன்னோக்கி நீந்தும் அணுவுக்குத்தான் வழி. தலை பெருத்தவை, வால் வளைந்தவை, சுற்றிச் சுற்றி நீந்துபவை சளியிலேயே சிக்கிவிடும். நல்ல ஆரோக்கியமான ஆணின் விந்திலும் சரியான வடிவம் கொண்டவை நூற்றுக்குச் சில மட்டுமே. பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘நார்மல் 4 சதவீதம்’ என்று பார்த்துப் பதறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் எல்லையே அந்த 4 சதவீதம்தான்.

இந்தக் கட்டத்தைத் தாண்டிக் கருப்பைக்குள் போகிறவை நூற்றில் ஒன்று தேறினாலே அதிகம். 20 கோடி சில லட்சங்களாகிவிடுகிறது. கருப்பைக்குள் இன்னொரு தொல்லை. அந்நியர் வந்திருக்கிறார்கள் என்று உடல் வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. அவை விந்தணுக்களை விழுங்கித் தீர்க்கின்றன. அங்கிருந்து கருக்குழாய்க்குப் போகும் வாசல் மிகக் குறுகியது. குழாய்களோ இரண்டு. முட்டை ஒன்றில்தான் இருக்கும். கருப்பைத் தசை சுருங்கும் விதம் அவற்றை முட்டை முதிரும் பக்கமாக ஓரளவு தள்ளிவிடுகிறது. ஆனாலும் ஒரு பங்கு எதிர்ப்பக்கம் போய் வீணாகிறது.

அந்தத் தசைச் சுருக்கத்தின் வேகம் வியப்பானது. விந்தணு நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் நீந்தும். கருக்குழாயின் அகன்ற பகுதிவரை சுமார் 15 செ.மீ. தன் முயற்சியில் மட்டும் போனால் ஒரு மணி நேரமாவது ஆகும். ஆனால் 1973இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவைக்கு வந்த பெண்களின் யோனியில் விந்து வைக்கப்பட்ட 5 நிமிடத்திலேயே கருக்குழாயில் அணுக்கள் காணப்பட்டன. அவை நீந்தி வந்தவை அல்ல, தசை உந்திக் கொண்டுவந்தவை. முயல்களில் இப்படி அவசரமாக வந்து சேர்ந்தவற்றை எடுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவை செத்தோ சிதைந்தோ கிடந்தன.

உயிரோடு வந்தாலும் புதிதாக வந்தது உதவாது. இதை 1951இல் அமெரிக்காவில் எம்.சி. சாங், ஆஸ்திரேலியாவில் காலின் ஆஸ்டின் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். புதிய விந்தணுவை முயலின் கருக்குழாயில் முட்டைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தாலும் கருத்தரிப்பு சரியாக நடக்கவில்லை. பெண் முயலின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்த அணுக்களை வைத்தால் நடந்தது. அந்த நேரத்தில் அணுவின் மேலுறையில் ஒட்டிய விந்துப் புரதங்கள் கழல்கின்றன, கொழுப்பு குறைகிறது, கால்சியம் உள்ளே புகும் வழிகள் தயாராகின்றன. பிறகுதான் வால் சாட்டையடியாய் வீசும். தலையின் நொதிப்பை திறந்து முட்டையின் உறையைக் கடக்க முடியும்.

இந்தத் தகுதியும் நிலையானதல்ல. ஆய்வகத்தில் பார்த்தால் ஒரு நேரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு அணுக்கள்தான் அந்நிலையில் இருக்கும். சில மணி நேரத்தில் அவை தகுதியிழக்க, வேறு சில தயாராகும். முறை வைத்து வேலை பார்ப்பதுபோல. கருக்குழாயின் குறுகிய முன்பகுதியில் மற்றவை சுவர்ச் செல்களில் தலை ஒட்டிக் காத்திருக்கும். மாடு, பன்றியில் இது தெளிவாகவே தெரிகிறது; மனிதக் கருக்குழாய்ச் செல்களிலும் விந்தணு ஒட்டுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். நம் சனிக்கிழமை அணுக்கள் திங்கள்வரை தாக்குப்பிடிப்பது இதனால்தான். விந்தணு ஐந்து நாள்வரை உயிர் வாழும். முட்டையின் ஆயுளோ 12 முதல் 24 மணி நேரம். அதனால் முட்டை வந்த பிறகு கிளம்புவதைவிட, முன்னரே வந்து காத்திருப்பதே நல்லது.

கடைசியில் முட்டை இருக்கும் பகுதியில் எத்தனை? முட்டை வெளியாகும் நேரத்தில் பெண்களின் கருக்குழாய்களை ஆராய்ந்த 1993ஆம் ஆண்டு ஆய்வில், இடைநிலை எண்ணிக்கை 250ஐ ஒட்டியே இருந்தது. 20 கோடியில் இருநூறு சொச்சம்.

இவ்வளவு வடிகட்டல் எதற்கு? கெட்டவற்றைக் கழிக்க என்பது பாதிப் பதில். மீதிப் பாதி முட்டையின் பக்கம் இருக்கிறது. இரண்டு விந்தணுக்கள் உள்ளே போய்விட்டால் 46க்குப் பதில் 69 குரோமோசோம்கள் சேரும்; அந்தக் கரு பெரும்பாலும் கலைந்துவிடும். முதல் அணு நுழைந்ததும் முட்டை தன் உறையை மாற்றிக் கதவை மூடிக்கொள்கிறது, ஆனால் அதற்குச் சற்று நேரம் வேண்டும். ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கில் மொய்த்தால் தாங்காது. ஆகவே ஒன்றிரண்டாக வருவதே முட்டைக்கு நல்லது. அந்த ஒன்றிரண்டு கிடைக்க ஆரம்பத்தில் கோடிகள் வேண்டும்.

எண்ணிக்கை குறைந்தால் என்ன? மொத்தம் 3.9 கோடி என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கீழ் எல்லை. ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு அதைவிடக் குறைவு என்பதே அதன் பொருள். அதற்குக் கீழே குழந்தை பிறக்காது என்று பொருளில்லை. மாதாமாதம் வாய்ப்பு குறையும், அவ்வளவுதான்.

கோடிகள் எதற்குச் செலவாகின்றன என்று பார்க்கக் கருத்தரிப்பு மையத்துக்குப் போனால் போதும். ஐயுஐ முறையில் கழுவிய அணுக்களைக் குழாய் வழியே நேரே கருப்பையில் விடுகிறார்கள். கருப்பை வாயைத் தாண்டிவிட்டதால் நன்கு நீந்தும் சில பத்து லட்சங்கள் போதும். ஆய்வகத் தட்டில் முட்டையோடு சேர்க்கும்போது பயணமே இல்லை. ஐம்பதாயிரம், ஒரு லட்சம் போதும். 1992இல் பெல்ஜியத்திலிருந்து அறிவிக்கப்பட்ட இக்ஸி முறையில் ஒரு முட்டைக்கு ஒன்றே ஒன்று. நிபுணர் மைக்ராஸ்கோப்பில் ஒன்றைத் தேர்ந்து, நீந்தவே தேவையில்லாததால் அதன் வாலை ஊசியால் அழுத்தி அசைவை நிறுத்தி, முட்டைக்குள் செலுத்துகிறார். அப்படியும் எல்லா முட்டைகளும் கருவுறுவதில்லை. பத்துக்கு ஏழு கருவுற்றால் நல்ல விகிதம் என்கிறார்கள்.