ஒரே லாரி, இரண்டு லாபக் கணக்கு

நாமக்கல்லில் வாடகைக்கு லாரி ஓட்டும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி, ஏப்ரல் மாதம் 40 லட்ச ரூபாய்க்குப் புது லாரி ஒன்றை இறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். டீசல், டோல், டயர், டிரைவர் படி, இன்சூரன்ஸ் எல்லாம் போக வருஷத்துக்கு 12 லட்சம் கையில் நிற்கிறது. முதல் வருஷக் கணக்கை ஒரு முறையில் எழுதினால் 5.67 லட்சம் லாபம். இன்னொரு முறையில் எழுதினால் 3.72 லட்சம் நஷ்டம். இரண்டுமே சட்டப்படி சரி.

வித்தியாசம் தேய்மானத்தில் இருக்கிறது. லாரிக்குக் கொடுத்த 40 லட்சத்தை வாங்கிய வருஷத்துச் செலவாக எழுத முடியாது. அது உழைக்கும் காலம் முழுவதற்கும் பிரித்துத்தான் எழுத வேண்டும். வாடகைக்கு ஓடும் லாரியின் ஆயுள் 6 வருஷம் என்கிறது 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. ஆயுள் முடிந்தபின் தேறும் எறிமதிப்பு, பொதுவாக வாங்கிய விலையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இங்கே அது 2 லட்சம். ஆக, 6 வருஷத்தில் கழிக்க வேண்டியது 38 லட்சம்.

நேர்கோட்டு முறையில் அந்த 38 லட்சத்தை ஆறால் வகுத்தால் போதும், வருஷத்துக்கு 6.33 லட்சம். குறைந்துசெல் மதிப்பு முறையில் மாறாதது தொகை அல்ல, விகிதம். ஒவ்வொரு வருஷத் தொடக்கத்திலும் புத்தகத்தில் மீதி நிற்கும் மதிப்பின்மேல் ஒரே சதவீதத்தைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். ஆறாம் வருஷ முடிவில் சரியாக 2 லட்சம் நிற்க வேண்டுமென்றால் அந்த விகிதம் 39.3 சதவீதம். எறிமதிப்பைக் கழித்துவிட்டு 38 லட்சத்தின்மேல் இந்த விகிதத்தைப் போடுவது, கற்றுக்கொள்கிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. விகிதத்துக்குள்ளேயே எறிமதிப்பு அடங்கிவிட்டதால் முழு 40 லட்சத்தின்மேல்தான் போட வேண்டும்.

முதல் வருஷம் 15.72 லட்சம் கழிகிறது, மீதி 24.28. அதில் 39.3 சதவீதம், இரண்டாம் வருஷத்துக்கு 9.54 லட்சம். மூன்றாம் வருஷம் 5.79. அந்த வருஷமே நேர்கோட்டுத் தொகையைவிடக் கீழே இறங்கிவிடுகிறது. பிறகு 3.52, 2.13, கடைசியில் வெறும் 1.30 லட்சம்.

லாபம் எப்படித் தெரியும்? நேர்கோட்டில் ஆறு வருஷமும் 5.67 லட்சம், அலையில்லாத குளம்போல. மற்றதில் 3.72 நஷ்டத்தில் தொடங்கி, 2.46, 6.21, 8.48, 9.87 என்று ஏறி 10.70-ல் முடிகிறது. கூட்டிப் பார்த்தால் இரண்டிலும் 34 லட்சம்தான். கையில் வந்த பணத்திலும் ஒரு ரூபாய்கூட மாறவில்லை.

அப்படியானால் எது நியாயம்? வருஷா வருஷம் 12 லட்சம் நிற்கும் என்று எடுத்துக்கொண்டது கணக்கு எளிதாக இருக்கத்தான். உண்மையில் பழைய லாரி ஒர்க்‌ஷாப்பில் அதிக நாள் நிற்கும்; இன்ஜின் வேலை, எஃப்.சி. செலவு எல்லாம் பின்னால்தான் வரும். தேய்மானம் முன்னால் அதிகமாகவும் ரிப்பேர் பின்னால் அதிகமாகவும் இருந்தால் இரண்டும் சேர்ந்த பாரம் ஓரளவு சமமாகிவிடும். ஆகவே லாரிக்குக் குறைந்துசெல் மதிப்பு முறையே பொருத்தம் என்று சொல்ல இடமிருக்கிறது. ஒரே சீராக உழைக்கும் கட்டடத்துக்கு அந்த வாதம் அவ்வளவாக எடுபடாது.

லாரியை மூன்றாம் வருஷ முடிவில் 15 லட்சத்துக்கு விற்றால் இன்னொன்று தெரியவரும். நேர்கோட்டுக் கணக்கில் அதன் மதிப்பு அப்போது 21 லட்சம். விற்றதில் 6 லட்சம் நஷ்டம். மற்றதில் மதிப்பு 8.95 லட்சம், விற்றதில் 6.05 லட்சம் லாபம். மூன்று வருஷ லாபத்தோடு சேர்த்தால் இரண்டிலும் 11 லட்சம். வண்டி விற்று லாபம் பார்த்ததாக ஒரு கம்பெனி சொன்னால், முன்பு தேய்மானத்தை வேகமாகக் கழித்ததுதான் அதற்குக் காரணமா என்று பார்க்க வேண்டும்.

வருமான வரிக்கு இந்தப் புத்தகக் கணக்கு செல்லாது. அங்கே பொதுவாகக் குறைந்துசெல் மதிப்பு முறைதான்; வாடகை லாரிக்கு விகிதம் 30 சதவீதம். முதல் வருஷம் 12 லட்சம் கழிந்துவிடுவதால், பங்குதாரர்களுக்கு 5.67 லட்சம் லாபம் காட்டும் அதே கம்பெனிக்கு இந்த லாரியில் வரி கட்ட வேண்டிய வருமானமே இல்லை. வாங்கிய வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் கழிவு பாதிதான்.

கவனிக்க வேண்டிய இடம், நடுவில் முறையை மாற்றும்போது. நான்காம் வருஷத் தொடக்கத்தில் நேர்கோட்டுக்கு மாறினால், மீதி 8.95 லட்சத்தில் எறிமதிப்பு போக 6.95 லட்சத்தை மூன்று வருஷத்துக்குப் பங்கிடுவார்கள். தேய்மானம் 3.52-லிருந்து 2.32 லட்சமாகிறது. கூடுதலாக ஒரு டிரிப்கூட அடிக்காமல் லாபம் 1.20 லட்சம் கூடிவிடும்; அடுத்த இரண்டு வருஷங்களில் அந்தத் தொகை லாபத்திலிருந்து குறையும். சொத்து உழைக்கும் விதமே மாறியிருந்தால்தான் இப்படி மாற்றலாம் என்பது கணக்கியல் தரநிலையின் விதி. மாற்றத்தின் விளைவை ஆண்டறிக்கையின் குறிப்புகளில் சொல்லியாக வேண்டும். லாபம் திடீரென்று எகிறிய வருஷத்தில் முதலில் புரட்ட வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.