படத்தில் மின்னுவது பித்தளைதானா?

இணையக் கடையில் டபரா செட் மஞ்சளாக மின்னுகிறது. வாங்குமுன் டம்ளரின் உட்புறப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஈயம் பூசிய பித்தளை என்றால் உள்ளே மங்கலான வெள்ளை தெரியும். துணியால் துடைத்த தடம்கூட இருக்கும். கண்ணாடிபோலப் பளபளத்தால் பெரும்பாலும் அது மஞ்சள் பூச்சுப் போட்ட எவர்சில்வர். உள்ளும் புறமும் ஒரே மஞ்சள் என்றால் ஈயம் பூசியதா என்று கேளுங்கள்.

அடுத்து விளிம்பும் அடிப்பாகமும். பூச்சு அங்கேதான் முதலில் தேயும். கீறலில் வெள்ளை தெரிந்தால் உள்ளே பித்தளை இல்லை. காந்தம் ஒட்டினால் இரும்பு கலந்தது. ஒட்டாததால் மட்டும் பித்தளையாகிவிடாது, எவர்சில்வரிலும் ஒட்டாத ரகம் உண்டு.

படம் எடையைச் சொல்லாது. தராசில் வைத்த படத்தைக் கேளுங்கள். செட் 300 கிராம், கடையில் பித்தளைப் பாத்திரம் கிலோ 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எடைக்கான விலை 270 ரூபாய். வேலைப்பாடு, ஈயப் பூச்சு, அனுப்பும் செலவு சேர்ந்து 400 வரை போகலாம். அதே செட்டுக்கு 1,200 கேட்டால் காரணம் கேளுங்கள். 150 என்றால் வாங்காதீர்கள்.