போர்டில் எரிவதை எரிந்தபடியே எழுதுங்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கமிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரியவர்களில் ஆங்கிலம் தெரியாதவர்கள், டோக்கன் போர்டைப் போட்டோ எடுத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்புவதுண்டு. பிள்ளைகள் அதை எரிகிறபடியே எழுதி அனுப்ப வேண்டும்.

`A 100   PHARMACY 2   CALLING`

என்றிருந்தால் எதையும் விடக்கூடாது. `A` விடுபட்டால் `B 100` வைத்திருப்பவரும் எழுந்து போவார். `CALLING` என்றால் அழைக்கிறார்கள், `WAITING` என்றால் காத்திருக்க வேண்டும். இந்த விளக்கத்தை அடுத்த வரியில் தனியாக எழுதுங்கள்.

தவறு அதிகம் நேர்வது எண்ணில்தான். ஒவ்வோர் இலக்கமும் ஏழு சிறு கோடுகளால் ஆனது. 8-இல் நடுக்கோடு எரியாவிட்டால் 0 ஆகத் தெரியும். சற்றுமுன் 107 எரிந்து, இப்போது 100 எரிந்தால், 100 என்றே எழுதி, "108 ஆக இருக்கலாம், கவுன்ட்டரில் கேளுங்கள்" என்று சேருங்கள். இல்லாவிட்டால் 108 வைத்திருப்பவர் தம் முறையைத் தவறவிடுவார்.

பழுது போர்டிலா, போட்டோவிலா? எல்.இ.டி. விளக்குகள் பல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரியும். கேமரா அணைந்த நொடியைப் பிடித்துவிடும். ஆகவே மூன்று போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் வேறு கோடு மறைந்தால் அது கேமராவின் வேலை. மூன்றிலும் அதே கோடு இல்லை, நேரில் பார்த்தாலும் இல்லை என்றால், போர்டில் பழுது.