சோத்தோட பாரு, தம்பி

திருவிழா அன்னதானம். அண்டாவில் சாம்பார் கொதிக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையனுக்குக் கை நடுங்குகிறது; ஐந்நூறு பேர் சாப்பாடாயிற்றே. சூடாக ஒரு சொட்டை நாக்கில் வைத்துவிட்டு, "உப்பு பத்தலை மாஸ்டர்" என்கிறான்.

"பொறு தம்பி. அந்தச் சூட்டுல நாக்குக்கு உப்பு புரியாது." பெரியவர் கிண்ணத்தில் எடுத்து ஆறவைக்கிறார். வெதுவெதுப்பானதும் ருசித்தால் உப்பு சரியாகவே இருக்கிறது. "இப்போ சோத்தோட பாரு." உப்பில்லாத சோற்றில் பிசைந்ததும் சப்பென்று ஆகிவிடுகிறது. இலையில் சாப்பிடப்போவது அந்தக் கலவையைத்தான். அதனால் சாம்பார் தனியாகச் சற்றுத் தூக்கலாகவே இருக்க வேண்டும்.

உப்பை வெந்நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொல்கிறார். கல் உப்பு அடியில் தங்கிவிட்டால் மேலே மொண்ட கரண்டி ஏமாற்றிவிடும். ஒவ்வொரு முறையும் அடியோடு கிளறி, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் ருசி. புளி தொண்டையில் கரகரத்தால் குறை உப்பில் இல்லை. பச்சை வாடை போக இன்னும் கொதிக்க வேண்டும்.

உப்பு கூடிவிட்டால்? உருளைக்கிழங்கு பெரிதாக உதவாது. உப்பில்லாமல் வேகவைத்த பருப்பைச் சேர்ப்பதே வழி. பெரியவர் அதற்கென்றே ஒரு வாளிப் பருப்பைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.