பாங்காக் பில், இந்திய ரூபாயில்

வெளிநாட்டுக் கடையில் கார்டைக் கொடுத்து முடித்ததும் வங்கியிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ்ஸில் தொகைக்கு முன்னால் எந்த நாணயத்தின் பெயர் இருக்கிறது என்று உடனே பாருங்கள். தாய்லாந்தில் வாங்கிய பொருளுக்கு THB என்று இருந்தால் சரி. INR என்று இருந்தால், பில் தொகையை ரூபாயாக மாற்றியது உங்கள் வங்கி அல்ல, அந்தக் கடை. அதற்கான மாற்று விகிதத்தையும் கடையின் பக்கம்தான் முடிவு செய்திருக்கிறது. டி.சி.சி. என்று கார்டு தொழிலில் இருப்பவர்கள் சொல்வது இதைத்தான்.

திருச்சியில் இருக்கும் என் சிநேகிதிக்கு இது பாங்காக்கில் நடந்தது. மகளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கினார், விலை 12,000 பாட். கவுன்ட்டரில் இருந்த பெண் கார்டை மெஷினில் செருகி, தானே ஒரு பட்டனை அழுத்திவிட்டு, பின் நம்பர் போடுவதற்கு மட்டும் மெஷினை நீட்டினார். கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களை வைத்தே இது இந்திய வங்கியின் கார்டு என்று மெஷின் கண்டுபிடித்துவிடும். உடனே திரையில் இரண்டு தொகைகள் வரும், ஒன்று பாட்டில், இன்னொன்று ரூபாயில். அந்தத் திரையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் வாடிக்கையாளர். இங்கே அவர் அதைப் பார்க்கவே இல்லை.

கார்டில் ஏறிய தொகை 33,360 ரூபாய். ஒரு பாட்டுக்கு 2.78 ரூபாய் என்று கடை கணக்குப் போட்டிருந்தது. அன்றைக்கு விசாவின் விகிதம் 2.60. பாட்டிலேயே போயிருந்தால் 31,200 ரூபாய் ஆகியிருக்கும். அதோடு அவருடைய வங்கி எடுக்கும் ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5 சதவீதம், அதாவது 1,092 ரூபாய், அந்த மார்க்கப்புக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 197 ரூபாய். எல்லாம் சேர்த்து 32,489.

ரூபாயில் போட்டுவிட்டதால் வங்கியின் மார்க்கப்பாவது மிச்சம் என்று நினைக்கத் தோன்றும். கடைகளிலும் அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் நடக்கும் பரிவர்த்தனைக்கும் நம் ஊர் வங்கிகள் பல தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. பல கார்டுகளில் அது ஒரு சதவீதம், சிலவற்றில் அதற்கும் மேல். சிநேகிதியின் கார்டில் ஒரு சதவீதம். 334 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி. 60 ரூபாயும் சேர்ந்து மொத்தம் 33,754 ஆனது. ஏறக்குறைய 1,265 ரூபாய் வீண். மார்க்கப்பே இல்லாத கார்டு வைத்திருப்பவருக்கு இதே பில்லில் 2,500 ரூபாய்க்கு மேல் நஷ்டம். விகிதத்தில் உள்ள வித்தியாசம் கடைக்கும், கடையின் வங்கிக்கும், இடையில் நாணயம் மாற்றித் தரும் நிறுவனத்துக்கும் பங்காகப் போகிறது. கடைக்காரர்களுக்கு இதில் இவ்வளவு ஆர்வம் இருப்பதற்குக் காரணம் அந்தப் பங்குதான்.

விகிதம் மோசமாக இருக்கிறது என்று புகார் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. கடை தன் விருப்பப்படி விகிதம் வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் அதைப் பார்த்துச் சம்மதித்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. கடை செய்யக் கூடாத காரியம் வேறு. எந்த நாணயம் என்பதைக் கடை தானாக முடிவு செய்யக் கூடாது என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டுக்கும் பொதுவான விதி. இரண்டு தொகைகளையும் விகிதத்தையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்டாக வேண்டும். எனவே புகாரில் பேச வேண்டியது சம்மதத்தைப் பற்றி மட்டுமே.

இதில் சட்டென்று வேலை செய்யும் வழி கவுன்ட்டரிலேயே இருக்கிறது. எஸ்.எம்.எஸ்ஸில் INR என்று பார்த்ததும் அந்த பில்லை 'வாய்ட்' செய்துவிட்டு உள்ளூர் நாணயத்தில் மறுபடி போடச் சொல்ல வேண்டும். அன்றைய கணக்கை மெஷினில் முடிப்பதற்கு முன்னால் வாய்ட் செய்தால் முதல் பரிவர்த்தனையே அழிந்துவிடும். மறுநாள் போய்க் கேட்டால் கடை 'ரீஃபண்ட்' போடும். அது தனிப் பரிவர்த்தனை. போன தொகை அப்படியே திரும்பும் என்று நம்ப முடியாது.

சிநேகிதியும் கேட்டார். "மெஷின் அப்படித்தான் எடுக்கும், மாற்ற முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். இது உண்மையே அல்ல. இப்படிச் சொல்லி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்களோ என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் அவர் சும்மா திரும்பவில்லை. ஸ்லிப்பின் கீழே, நாணயத் தேர்வு எனக்கு அளிக்கப்பட்டது, நான் ஏற்கிறேன் என்கிற பொருளில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்த வரி அச்சாகும். அதன் மேல் கோடு போட்டு, "என்னிடம் கேட்கவில்லை, பாட்டில் போடச் சொன்னேன், மறுத்தார்கள்" என்று தேதி, நேரத்தோடு ஆங்கிலத்தில் எழுதி, அங்கேயே போட்டோ எடுத்துக்கொண்டார். கடையின் இமெயிலுக்கும் அன்று இரவே இதை எழுதி அனுப்பினார்.

ஊருக்கு வந்து வங்கியின் கஸ்டமர் கேரில் பேசியபோது, "கடை ரூபாயில் கேட்டது, நாங்கள் ரூபாயில் கொடுத்தோம் மேடம், பின் நம்பர் போட்டது நீங்கள்தானே" என்று பதில் வந்தது. முதல் படியில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். கூடுதலாகப் பணம் எடுத்துவிட்டார்கள் என்று சொன்னால், பில் தொகையும் கார்டில் ஏறிய தொகையும் ஒன்றுதானே என்று பார்த்துவிட்டுப் புகாரை மூடிவிடுவார்கள். அதனால் இரண்டாவது முறை அவர் எழுத்தில் கொடுத்தார். டி.சி.சி.க்கு நான் சம்மதிக்கவில்லை, எனக்குத் தேர்வு தரப்படவில்லை, இது விசாவின் 12.3 என்ற தவறான நாணயப் பிரிவில் வரும் தகராறு என்று குறிப்பிட்டு, ஸ்லிப்பின் போட்டோ, எஸ்.எம்.எஸ்., கடைக்குப் போன இமெயில் மூன்றையும் இணைத்தார். மாஸ்டர்கார்டாக இருந்தால் பிரிவின் எண் 4834. விசாவில் இதற்குக் காலக்கெடு 120 நாட்கள். ஆனால் வங்கிக்கும் நேரம் வேண்டும் என்பதால், ஸ்டேட்மென்ட் வரும் வரைகூடக் காத்திருக்காமல் கொடுப்பது நல்லது.

இப்படி ஒரு தகராறு எழுந்தால், வாடிக்கையாளர் விரும்பித்தான் ரூபாயைத் தேர்ந்தெடுத்தார் என்று கடையின் வங்கி காட்ட வேண்டும். ரூபாய்க் கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்ட ஸ்லிப் கடையிடம் இருந்தால் நம் பக்கம் தோற்றுவிடும். சிநேகிதி எதிலும் கையெழுத்துப் போடவில்லை. எதிர்த்தரப்பு எதையும் காட்டவில்லை.

வித்தியாசத் தொகை மட்டும் தனியாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முழுத் தொகையான 33,360 ரூபாயும் வரவு வைக்கப்பட்டது. சில வாரங்கள் கழித்து அதே கடையின் பெயரில் 12,000 பாட் புதிதாக ஏறியது. கடிகாரம் இலவசமாகிவிடாது, சரியான நாணயத்தில் மறுபடி பில் போடும் உரிமை கடைக்கு இருக்கிறது. அதற்குள் விகிதம் 2.61 ஆகியிருந்ததால், மார்க்கப்பும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 32,614 ரூபாய். இடைப்பட்ட நாட்களில் பாட்டின் விலை நன்றாக ஏறியிருந்தால் லாபம் இன்னும் சுருங்கியிருக்கும். சில நூறு ரூபாய் வித்தியாசத்துக்கு இந்த வழியில் இறங்கும் முன் அதையும் யோசித்துக்கொள்ளலாம்.

வங்கி இரண்டாவது புகாரையும் மறுத்தாலோ, 30 நாட்களில் பதில் சொல்லாவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். சிநேகிதிக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் முதலில் பிடித்த ஒரு சதவீதக் கட்டணமும் அதன் ஜி.எஸ்.டி.யுமான 394 ரூபாயை வங்கி தானாகத் திருப்பவில்லை. பரிவர்த்தனையே ரத்தானபின் அதற்கான கட்டணம் எப்படி நிற்கும் என்று தனியாக ஒரு இமெயில் போட்ட பிறகுதான், அடுத்த மாத ஸ்டேட்மென்டில் அந்தத் தொகை வரவாக வந்தது.